போனைப் புடுங்கிட்டா பேச்சு வந்துடுமா?

மக்களே, இது கொஞ்சம் கோவத்துல எழுதற பதிவு. நீளமும் கொஞ்சம் ஜாஸ்தி. வழக்கமா இங்க வந்து என்னோட மொக்கைக் கதைகளைப் படிக்கிறவங்க மன்னிக்கவும். வயித்துப் பொழைப்புக்கு நான் பண்றது பேச்சுப் பயிற்சி வேலை. ஆஸ்பத்திரியில உக்காந்து, பேச்சு வராத பிள்ளைங்களோட தரையில உருண்டு விளையாடற வேலைன்னு வச்சுக்கலாம். அந்த ஆணியைப் பத்தி இங்க எழுதறதில்லைன்னுதான் இருந்தேன். ஆனா இந்த விஷயத்துல ஆளாளுக்கு நாட்டாமை பண்றதைப் பாத்து இனியும் சும்மா இருக்க முடியலை.

ஒன்றே முக்கால் வயசுக் குழந்தை, இன்னும் பேச்சு வரலை. வீட்டுல கவலையா சொன்னா, சுத்தி இருக்கறவங்க மூணு கோஷ்டியா பிரிஞ்சுடறாங்க.

முதல் கோஷ்டி: "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். இவங்கப்பன் மூணு வயசு வரைக்கும் வாயே திறக்கலை, இன்னிக்கு வாயை மூட மாட்டேங்கிறான்."

ரெண்டாவது கோஷ்டி: "எல்லாம் இந்தப் போன் பண்ற வேலை. புடுங்கி வைங்க, ரெண்டே மாசத்துல மணிமணியா பேசும். டாக்டரும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

மூணாவது கோஷ்டி: "அதெல்லாம் படிப்பு வீடியோதானே சார். ஏ பி சி டி முழுசா சொல்றான் தெரியுமா?"

முதல் கோஷ்டியை எல்லாரும் திட்டியாச்சு. மூணாவது கோஷ்டிக்குக் கீழே வர்றேன். என்னோட முக்கியச் சண்டை ரெண்டாவது கோஷ்டியோடதான். ஏன்னா அவங்க சொல்றதுல பாதி உண்மை. பாதி உண்மைதான் மக்களே ரொம்ப ஆபத்து.

அந்தப் பாதி உண்மையை முதல்ல பாத்துடுவோம்.

குழந்தை பேச்சைக் காதால கேட்டு மட்டும் கத்துக்கறதில்லை. ஒரு ஆளோட மாறி மாறிக் கத்துக்குது. அது "ஆ"ங்குது, நீங்க "என்னடா தங்கம்"ங்கறீங்க, அது திரும்ப "ஆ"ங்குது. கேரம் போர்டு மாதிரி, உன் ஆட்டம், என் ஆட்டம். 2003-ல அமெரிக்காவுல பட்ரீஷியா கூல்ங்கற ஆராய்ச்சியாளர் அழகா ஒரு சோதனை பண்ணாங்க. இங்கிலீஷ் மட்டுமே கேட்டு வளர்ற 9 மாசக் குழந்தைங்களுக்கு, சீன மொழி பேசற ஆளுங்களை நேர்ல உக்கார வச்சு, 12 தடவை விளையாட விட்டாங்க. அந்தக் குழந்தைங்க சீன மொழி ஒலிகளைப் பிரிச்சுக் கேக்கக் கத்துக்கிட்டாங்க. அதே ஆளுங்க, அதே பேச்சு, ஆனா வீடியோவுல மட்டும் பாத்த குழந்தைங்க ஒண்ணுமே கத்துக்கலை. ஒலி ஒண்ணுதான். எதிர்ல ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால திரையில இருந்து ஏதோ விஷம் கசிஞ்சு மூளைக்குப் போகுதுன்னு நினைக்காதீங்க. நாள் முழுக்க நடக்க வேண்டிய நூத்துக்கணக்கான "உன் ஆட்டம், என் ஆட்டம்" நடக்காமப் போகுது. அது உக்கார வேண்டிய நாற்காலியில திரை உக்காந்திருக்கு. ஊர்ல இருக்கற தாத்தாவோட வீடியோ காலை மட்டும் 2 வயசுக்கு முன்னாடியும் பரவாயில்லைன்னு குழந்தை மருத்துவர்கள் விடறதும் இதனாலதான். அந்தத் திரை பதில் பேசுது.

இப்ப ரெண்டாவது கோஷ்டி எங்க தப்பு பண்றாங்கன்னு புரியுதா? நாற்காலியைக் காலி பண்ணுங்கிறாங்க. அதுல யார் உக்காரணும்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. போனைப் புடுங்கி அலமாரியில வச்சுட்டு, டிவியை ஓட விட்டுட்டு, நாம ஒரு மூலையில நம்ம போனோட உக்காந்தா, குழந்தைக்கு என்ன கிடைச்சுது? போன் போச்சு, அழுகைதான் மிச்சம்.

மூணாவது கோஷ்டிக்கும் இங்கேயே பதில் இருக்கு. ஏ பி சி டி முழுசா சொல்ற குழந்தைக்கு தாகம் எடுத்தா என்ன பண்ணுதுன்னு பாருங்க. உங்க கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போய் ஃபிரிட்ஜ் முன்னாடி நிறுத்துச்சுன்னா, அந்த 26 எழுத்தும் கணக்குல வராது. நாங்க வார்த்தை எண்ணும்போது கேக்கறது ஒரே கேள்விதான்: யாரும் சொல்லச் சொல்லாம, தானா, ஏதோ ஒரு காரியத்துக்காக, எப்பவும் அதே பொருளுக்குச் சொல்லுதா? அப்படின்னா அது வார்த்தை. தண்ணிக்கு "ண்ணி"ன்னு சொன்னா வார்த்தை. காக்காவைப் பாத்து "கா"ன்னா வார்த்தை. மம்மு, ஜூஜூ, டாட்டா எல்லாமே வார்த்தை. வீட்டுல ரெண்டு மொழி பேசினா ரெண்டையும் சேத்து எண்ணுங்க. பாட்டுல வர்ற "ட்ரையாங்கிள்" வார்த்தை இல்லை, அது பாட்டு.

சும்மா தத்துவமா பேசிட்டுப் போனா உங்களுக்கும் பிடிக்காது. ஒரு வீட்டுக் கதையைச் சொல்றேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

பையனுக்கு 22 மாசம். அப்பா அம்மா ரெண்டு பேரும் ஐ.டி.யில பொட்டி தட்டுறவங்க, அம்மாவுக்கு வீட்டுல இருந்தே வேலை. பகல்ல பாட்டி பாத்துக்கறாங்க. என்கிட்ட வந்தப்ப நான் முதல்ல சொன்னது, மூணு நாளைக்கு ஒரு நோட்டுல எழுதுங்கன்னு. குழந்தை முழிச்சிருக்கற நேரத்துல எந்தத் திரை, எப்போ, எவ்வளவு நேரம், எதுக்காக. அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க, என்னை ஏமாத்தவும் செய்யாதீங்கன்னேன் :-)

நோட்டு வந்துச்சு. ஒரு நாளைக்குக் காலை இட்லிக்கு 40 நிமிஷம் போன், மதியச் சாப்பாட்டுக்கு 50, ராத்திரி சாப்பாட்டுக்கு 45, அம்மாவுக்கு மீட்டிங் நடக்கும்போது 60. மொத்தம் மூணே கால் மணி நேரம். 2 வயசுக்குக் கீழ திரையே வேணாம், 2 வயசுல அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுக்கும் கம்மியா இருந்தா நல்லதுன்னு 2019-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. அதைக் காட்டி இவங்களைத் திட்டறது சுலபம். ஆனா நோட்டுல என் கண்ணுல பட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, மூணே கால்ல ரெண்டே கால் மணி நேரம் சோறு ஊட்டறதுக்கு மட்டும். ரெண்டு, அந்தக் கணக்குல எழுதாமலே விட்ட ஒண்ணு: டிவி. கேட்டா, "அவன் டிவி பாக்க மாட்டான் சார், அது பாட்டுக்கு ஓடும், அத்தை சீரியல் பாப்பாங்க." எவ்வளவு நேரம்? காலையில 9:30-ல இருந்து 1 மணி, சாயங்காலம் 6-ல இருந்து 9:30. ஆக 7 மணி நேரம்.

"அது பாட்டுக்கு ஓடற" டிவிதான் பெரிய கள்ளன். 2009-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, சின்னக் குழந்தைங்க சட்டையில ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி வீட்டுப் பேச்சை அளந்தாங்க. டிவி சத்தம் கேக்கற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவங்ககிட்ட இருந்து குழந்தை கேக்கற வார்த்தை சுமார் 770 குறைஞ்சுது. குழந்தை பாக்கலைன்னாலும் பெரியவங்க பாக்கறாங்களே, வாயடைச்சுப் போறது அவங்கதான்.

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். இந்த மாதிரி ஆய்வெல்லாம் ரெண்டும் சேந்து போகுதுன்னுதான் காட்டுது. பேசாத குழந்தையைச் சமாளிக்க முடியாமத்தான் வீட்டுல போனைக் குடுக்கறாங்கன்னும் இருக்கலாம். எது முன்னாடி, எது பின்னாடின்னு ஒரு வீட்டைப் பாத்து யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. இதை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில வேணும்.

அந்த வீட்டுல மூணே மூணுதான் மாத்தச் சொன்னேன்.

முதல்ல சோறு. போன் இல்லை, டிவியும் இல்லை. தரையில பாய் விரிச்சு, அவனுக்கும் ஒரு சின்னத் தட்டு, அவனே கையால எடுத்து இழப்பட்டும். 20 நிமிஷம், அதிகபட்சம் 30. அதுக்கு மேல துரத்தக் கூடாது. முதல் மூணு நாலு நாள் கத்துவான், பாதிதான் சாப்பிடுவான்னு முன்னாடியே சொல்லிட்டேன். நடு வழியில, ரெண்டாம் நாள் ராத்திரி, "பாவம் பட்டினி"ன்னு போனை எடுத்துக் குடுத்தா, "ஒரு மணி நேரம் கத்தினா கிடைக்கும்"னு அவனுக்கு நீங்களே பாடம் எடுத்த மாதிரி. (எடை ஏற்கெனவே ரொம்பக் கம்மியா இருக்கற குழந்தைன்னா குழந்தை டாக்டரைக் கேட்டுட்டு செய்யுங்க.) போன் இல்லாத சோத்து நேரத்துல என்ன கிடைக்கும்? "இட்லி. சூடு. ஊ ஊ. இன்னும் வேணுமா? தீந்து போச்சு." ஒரு நாளைக்கு மூணு வேளை, அதே வார்த்தைங்க, கையில அதே பொருள். இதை விட நல்ல மொழி வகுப்பு எந்தக் கம்பெனியாலயும் விக்க முடியாது.

ரெண்டாவது டிவி. குழந்தை முழிச்சிருந்தா அணைச்சிருக்கணும். இதுல பாட்டியைக் குத்தவாளி ஆக்கிடாதீங்க. பகல் பூரா ஒத்த ஆளா ஒரு வாண்டைக் கட்டி மேய்க்கறவங்களுக்கு அந்த சீரியல்தான் ஆறுதல். அந்த வீட்டுல குழந்தைகிட்ட அதிகம் பேசக் கூடிய ஆளும் அவங்கதான். அவங்க என்கிட்ட, "ஏன் தம்பி, நான் என்னத்தப் பேசறது அவன்கிட்ட? அவன்தான் பதிலே சொல்றதில்லையே"ன்னாங்க. நல்ல கேள்வி. "நீங்க கீரை ஆயறப்ப பக்கத்துல உக்கார வச்சு, என்ன செய்யறீங்களோ அதையே சொல்லுங்கம்மா, போதும்"னேன். சீரியலை அவன் மதியம் தூங்கற ரெண்டு மணி நேரத்துல மறு ஒளிபரப்பாவோ போன்லயோ பாக்கற மாதிரி மகன் ஏற்பாடு பண்ணிக் குடுத்தார். மீட்டிங் நேரத்துல பாட்டியும் பேரனும் மொட்டை மாடி. சண்டையில்லாம முடிஞ்சுது.

மூணாவது, காத்திருக்கறது. இதுதான் ரொம்பக் கஷ்டம். நல்ல வீட்டுலதான் இந்தத் தப்பு அதிகமா நடக்கும். அவன் தலையைத் திருப்பறதுக்கு முன்னாடி தண்ணி வந்துடும். அப்புறம் எதுக்குப் பேசணும்? அவனுக்குப் பிடிச்ச பந்தையும் தண்ணி டம்ளரையும் கண்ணுக்குத் தெரியற, கைக்கு எட்டாத இடத்துல வைக்கச் சொன்னேன். அவன் பாப்பான். நீங்க அவன் உயரத்துக்குக் குனிஞ்சு, முகத்தைப் பாத்து, மனசுக்குள்ள மெதுவா பத்து வரைக்கும் எண்ணுங்க. பத்து வினாடி எவ்வளவு நீளம்னு அப்பத்தான் தெரியும். அவன் கையைக் காட்டினாலோ, "ண்"ன்னாலோ, கண்ணால உங்களைப் பாத்து டம்ளரைப் பாத்தாலோ அது அவன் ஆட்டம். உடனே "தண்ணி! தண்ணி வேணும்"னு சொல்லிக் குடுத்துடுங்க. ஒண்ணுமே பண்ணலைன்னாலும் ஒரு தடவை வார்த்தையைச் சொல்லிட்டு குடுத்துடணும். "தண்ணின்னு சொன்னாத்தான் தருவேன்"ங்கற போலீஸ் வேலை வேணாம். அதே மாதிரி "இது என்ன? சொல்லு, மாமாவுக்குச் சொல்லு"ன்னு நேர்முகத் தேர்வும் வேணாம். பேச்சு வராதவன்கிட்ட கேள்வி கேட்டா அவன் ஓடத்தான் செய்வான்.

நாட்காட்டியில தினமும் எழுதச் சொன்னேன். வார்த்தையை மட்டும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பறானா, விரலால சுட்டிக் காட்டறானா, ஒரு பொருளைக் கொண்டு வந்து "இதைப் பாரு"ன்னு காட்டறானா. முதல்ல வர்றது இதெல்லாம்தான், வார்த்தை அப்புறம்தான். வார்த்தையை மட்டும் எண்ணினா மூணாவது வாரத்துல "ஒண்ணும் பலனில்லை"ன்னு கைவிட்டுடுவீங்க.

இனி நான் சண்டை போடற இடம்.

அந்த அப்பா சொன்னார், "சரி சார், ரெண்டு மாசம் இதைச் செஞ்சு பாத்துட்டு, சரியாகலைன்னா டெஸ்டுக்கு வர்றோம்." எவ்வளவு நியாயமாத் தோணுது பாருங்க? எல்லா வீட்டுலயும் இதே வசனம்தான். ரெண்டாவது கோஷ்டி அவங்களுக்கு சொல்லிக் குடுத்ததும் இதுதான்.

நான் சொன்னேன்: காதுப் பரிசோதனைக்கும் முழு மதிப்பீட்டுக்கும் இன்னிக்கே தேதி வாங்குங்க. எப்படியும் உடனே கிடைக்காது. அந்தக் காத்திருக்கற நாள்லதான் இந்த மூணையும் செய்யணும். பேச்சு வந்துட்டா தேதியை ரத்து பண்ண ஒரு போன் கால் போதும். வரலைன்னா, ரெண்டு மாசம் கழிச்சு வரிசையில கடைசியில போய் நிக்க வேண்டியதில்லை. அவருக்குக் கொஞ்சம் கோவம். "காதெல்லாம் நல்லாக் கேக்குது சார். பக்கத்து ரூம்ல பாட்டுப் போட்டா ஓடி வர்றான். பொறந்தப்பவே டெஸ்ட் பண்ணி பாஸ்." ஆனாலும் தேதி வாங்கினார். அஞ்சு வாரம் கழிச்சுக் கிடைச்சுது.

அந்த அஞ்சு வாரத்துல என்ன நடந்துச்சு? முதல் நாலு நாள் ரகளை. ரெண்டாவது வாரம் சாப்பாடு பழைய அளவுக்கு வந்துடுச்சு. மூணாவது வாரம் விரலை நீட்டிக் காட்ட ஆரம்பிச்சான். 5 வார்த்தையில இருந்து 14 வார்த்தை. வீட்டுல ஒரே கொண்டாட்டம், டெஸ்ட் எதுக்குன்னு திரும்பவும் பேச்சு. நல்லவேளை, பாட்டி "வாங்கின தேதிக்குப் போய்ட்டு வந்துடுங்க"ன்னுட்டாங்க.

பரிசோதனையில ரெண்டு காதுலயும் செவிப்பறைக்குப் பின்னாடி நீர் கட்டியிருந்துச்சு. சளி புடிச்சுப் புடிச்சு வர்ற குழந்தைங்ககிட்ட இது சர்வ சாதாரணம். வலி இருக்காது, சீழ் வடியாது, வெளியில ஒண்ணும் தெரியாது. காதுல விரலை வச்சுக்கிட்டுக் கேக்கற மாதிரி இருக்கும் அவனுக்கு. சத்தமா ஓடற டிவி பாட்டு நல்லாவே கேக்கும். அதனாலதான் ஓடி வர்றான். மெதுவாப் பேசற பாட்டியோட வார்த்தையில பாதி எழுத்து காணாமப் போகும். பொறந்தப்ப பாஸ் பண்ணது பொறந்தப்ப உள்ள காதுக்குத்தான், ஒண்ணரை வயசுல கட்டின நீருக்கு இல்லை.

இந்த நீர் பல குழந்தைங்களுக்கு மூணு மாசத்துல தானா வடிஞ்சுடும்ங்கறதால டாக்டர் மருந்து எதுவும் எழுதலை, மூணு மாசம் கழிச்சு வரச் சொன்னார். அதுவரைக்கும் பக்கத்துல வந்து, முகத்தைப் பாத்து, தெளிவாப் பேசச் சொன்னார். மறு பரிசோதனையில காது சரியா இருந்துச்சு. 2 வயசு 3 மாசத்துல "பாட்டி வா", "பந்து போச்சு"ன்னு ரெண்டு ரெண்டு வார்த்தையாச் சேத்துப் பேச ஆரம்பிச்சுட்டான்.

இப்ப சொல்லுங்க, எதுனால பேச்சு வந்துச்சு? போனை நிறுத்தினதாலயா, டிவியை அணைச்சதாலயா, காது நீர் வடிஞ்சதாலயா, இல்லை சும்மா விட்டிருந்தாலும் வந்திருக்குமா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதான் என் வாதமே. தாமதமாப் பேசற பிள்ளைங்கள்ல நிறையப் பேர் தானாவே எட்டிப் புடிச்சுடுவாங்க. ஆனா அது எந்தப் பிள்ளைன்னு முன்கூட்டியே சொல்ற சோதிடம் யார்கிட்டயும் இல்லை. அந்த நீர் வடியாம இருந்திருந்தா? "போன்தான் காரணம்"னு முடிவு கட்டின வீடு இன்னும் ஆறு மாசம் காதைப் பாத்திருக்காது.

இதே மாதிரிதான் "விர்ச்சுவல் ஆட்டிசம்"ங்கற வார்த்தை. திரையால வர்ற ஆட்டிசமாம், திரையை நிறுத்தினா போயிடுமாம். டாக்டர்கள் நோய் கண்டறியறதுக்குப் பயன்படுத்தற எந்தப் பட்டியல்லயும் அப்படி ஒரு நோய் கிடையாது. நாள் முழுக்கத் திரை பாத்த குழந்தை முகம் பாக்காம இருக்கலாம், திரை போனதும் தெளியலாம், அது நடக்கறதுதான். ஆனா உண்மையிலேயே ஆட்டிசம் இருக்கற குழந்தையோட அம்மாகிட்ட இந்த வார்த்தையைக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? ஒரு வருஷம் போனை ஒளிச்சு வச்சுட்டு, சரியாகலையேன்னு தன்னையே திட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. பயிற்சி அதிகமாப் பலன் தர்ற வயசு அந்த வருஷத்தோட போயிடும்.

ஒரு வாரம் கூட "பாத்துட்டுப் போலாம்"னு இருக்கக் கூடாத இடங்கள் இருக்கு. பேசிக்கிட்டிருந்த வார்த்தை காணாமப் போனா, எந்த வயசா இருந்தாலும் உடனே போங்க. 12 மாசத்துல பேர் சொன்னா திரும்பலை, "பாபா தாதா"ன்னு மழலைச் சத்தமே இல்லைன்னா போங்க. 16 மாசத்துல ஒரு வார்த்தை கூட இல்லை, 18 மாசத்துல விரல் நீட்டிக் காட்டலை, 24 மாசத்துல ரெண்டு வார்த்தையைத் தானாச் சேக்கலைன்னாலும் அப்படித்தான். மேல சொன்ன மூணையும் வீட்டுல ஆரம்பிச்சுட்டு, அன்னிக்கே தேதி வாங்குங்க. தமிழ்நாட்டுல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல டி.இ.ஐ.சி.ன்னு கேளுங்க, குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையம், காசு கிடையாது. சென்னைப் பக்கம் இருக்கறவங்களுக்கு முட்டுக்காட்டுல மத்திய அரசோட நிறுவனம் இருக்கு.

அந்த அப்பா கேட்டதையே அடுத்த தடவை உங்க வீட்டுல யாராவது கேட்டா, "போனை நிறுத்திப் பாத்துட்டு அப்புறம் போலாமா"ன்னு, "போனை நிறுத்திட்டே போலாம்"னு சொல்லுங்க. ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

டிஸ்கி 1: நாக்குல வசம்பு தடவினா பேச்சு வரும், நாக்குக்குக் கீழ ஒட்டியிருக்கு வெட்டணும்னு பின்னூட்டத்துல வரப்போறவங்களுக்கு: நாக்கு ஒட்டியிருந்தா சில எழுத்து குழறலாம், தாய்ப்பால் குடிக்கச் சிரமப்படலாம். பேச்சே வராம இருக்கறதுக்கு அது காரணமில்லை. வசம்பைப் பத்தித் தனியா ஒரு நாள் சண்டை போடுவோம்.

டிஸ்கி 2: "நீங்க உங்க போனைக் கீழ வச்சீங்களா"ன்னு தங்கமணி பின்னாடி நின்னு கேக்கறாங்க. அப்பீட்டு!